பேப்பர் எந்த மேஜையில் தூங்குகிறது? சிறு திருத்தமா, அடியோடு மாற்றமா: ஒரு குடோனை வைத்து முழு வழிகாட்டி

மாதவரத்திலிருந்து செங்குன்றம் போகும் வழியில், ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளி வரிசையாகக் குடோன்கள் இருக்கும். அதில் ஒன்றில் சில வருடங்களாக ஆபரேஷன்ஸ் பார்க்கிறேன். வண்டி உதிரி பாகங்கள்: பேரிங், ஃபில்டர், பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட். வடசென்னைக் கடைகளுக்கும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கும் கடைகளுக்கும், எல்லை தாண்டி ஆந்திராவில் சில ஊர்களுக்கும் சரக்கு போகும். ஒரு நாளைக்குச் சுமார் 90 ஆர்டர்.

கடைக்காரர்களின் புகார் ஒன்றுதான். "இன்னைக்குக் கேட்டா நாளன்னைக்குத்தான் வருது." பக்கத்துக் குடோன்காரர் மறுநாள் காலையிலேயே கொடுத்துவிடுகிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆளைப் போடலாமா, சாஃப்ட்வேர் மாத்தலாமா, என்ன பண்ணலாம் சொல்லு" என்றார். நான் அப்போதுதான், வேலைமுறையைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போகும் கைசன் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். கையில் சுத்தியல் இருந்தது; ஆணி எங்கே என்று தேடினேன்.

குடோனுக்குள் இறங்கினோம். அதிகம் ஓடும் சரக்கு பின்பக்க ரேக்கில் கிடந்தது, முன்னால் கொண்டுவந்தோம். எட்டாத தட்டில் இருந்த கனமான பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். ரேக் ஓரத்தில் பெரிய எழுத்தில் எண் ஒட்டினோம். ஒரு ஆர்டருக்கு எடுக்க வேண்டிய சரக்கின் பட்டியலான பிக்லிஸ்ட்டில், ஆள் நடக்கிற வரிசையிலேயே சரக்கு வருமாறு செய்தோம். மூன்று மாதத்தில், ஒரு ஆர்டருக்கான சரக்கை எடுக்கும் நேரம் 22 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக இறங்கியது. எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார் முதலாளி.

கடைக்காரர்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. சரக்கு அதே இரண்டு நாள் கழித்துத்தான் போனது. ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் குடோனுக்குள் போனால், சரக்கு எடுக்கும் நான்கு பேரும் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வியாசர்பாடிப் பையன் ஒருவன் சொன்னான்: "இன்னா சார் பண்றது, ஆர்டர் பேப்பர் வந்தாத்தானே எடுக்க முடியும்? மாடி ஆபீஸ்ல இருந்து மூணு மணிக்கு மேலதான் மொத்தமா எறக்குவாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், இரண்டு வழிகள் என்ன

சிறு தொடர் மேம்பாடு என்பது ஜப்பானியத் தொழிற்சாலைகளில், முக்கியமாக டொயோட்டாவில், வேர் பிடித்த பழக்கம். கைசன் என்ற பெயரை 1986இல் மசாக்கி இமாய் உலகம் முழுக்கப் பரப்பினார். இருக்கிற வேலைமுறையை வைத்துக்கொண்டே, வேலை செய்கிறவரே அதில் உள்ள வீண் வேலையைக் கண்டுபிடித்து, இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று குறைப்பது. செலவு குறைவு, தப்பாகப் போனால் அடுத்த நாளே பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

அடியோடு மாற்றியமைப்பது அதற்கு எதிர்ப்பக்கம். ரீஇன்ஜினியரிங் என்பார்கள். 1990இல் அமெரிக்க மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் எழுதிய கட்டுரையில் அதற்குக் கொடுத்த உதாரணம் ஃபோர்டு நிறுவனம். சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில், வட அமெரிக்காவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் போட்டு வேலையைச் சீராக்கினால் 400 பேராகக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அது நல்ல மேம்பாடுதான். அப்புறம் மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்ன கம்பெனி என்று கழித்துப் பார்த்தாலும், ஃபோர்டில் இருந்த கூட்டத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை.

அந்த 500 பேரில் பெரும்பாலோர் என்ன செய்தார்கள் என்றால், கொள்முதல் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையர் பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துப்போகாதவற்றைத் துரத்திப் பிடிப்பதிலேயே நாள் போனது. ஃபோர்டு கடைசியில் பில்லையே வேண்டாம் என்றது. சரக்கு இறங்கும் இடத்திலேயே கம்ப்யூட்டரில் இருக்கும் ஆர்டரோடு சரிபார்த்து வாங்கிக்கொண்டால் பணம் தானாகப் போகும். பார்க்க வேண்டிய விவரம் 14இலிருந்து 3 ஆனது. ஆள் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது 75 சதவீதத்தை இல்லை. பில் சரிபார்க்கும் வேலையை எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 400க்குக் கீழே போயிருக்காது, ஏனென்றால் அந்த வேலையே தேவையில்லாதது. உங்கள் இடத்தில் இழப்பு வேலைக்குள் இருக்கிறதா, வேலைக்கும் வேலைக்கும் நடுவில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எந்த வழி என்பதை அதுவே சொல்லிவிடும்.

படி 1: இருபது பேப்பர் பின்னால் நடந்து பாருங்கள்

கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். கேட்டால் ஒவ்வொருவரும் தன் மேஜையில் பத்து நிமிடம்தான் ஆகிறது என்பார். அது பொய்யும் இல்லை. தன் மேஜையில் கை வைத்த பிறகு ஆகிற நேரத்தை அவர் சொல்கிறார். அதற்கு முன்னால் அந்தப் பேப்பர் தட்டில் கிடந்த நேரம் யார் கணக்கிலும் வராது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இருபது ஆர்டருக்கு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒன்றை ஸ்டேப்ளர் அடித்தோம். பேப்பர் ஒரு மேஜைக்கு வந்த நேரம், கையில் எடுத்த நேரம், கையை விட்டு அனுப்பிய நேரம் என்று மூன்று கட்டம். எல்லா மேஜைக்கும் ஒரே கடிகாரம், சுவரில் இருந்ததையே பார்த்து எழுதச் சொன்னோம். இருபதையும் ஒரே நாளில் எடுக்கவில்லை. திங்கட்கிழமை கூட்டமான நாள், புதன் சாதாரண நாள், மாதக் கடைசியில் ஒரு நாள் என்று பிரித்தோம். நல்ல நாளில் மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் சீட்டு ஒட்டிய பேப்பரை எல்லோரும் அவசரமாகத் தள்ளிவிடுவார்கள், யாரோ கணக்கெடுக்கிறார்கள் என்று. முதல் ஐந்து பேப்பரின் கணக்கை நாங்கள் தூக்கிப்போட்டோம். ஆறாவதிலிருந்துதான் மனுஷன் பழைய வேகத்துக்குத் திரும்பினான். அதனால் இருபது வேண்டுமென்றால் இருபத்தைந்தில் ஆரம்பியுங்கள்.

படி 2: கை பட்ட நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் பிரியுங்கள்

குடோன் காலை 9 முதல் மாலை 6 வரை. வேலை நேரத்தை மட்டும்தான் எண்ணினோம். மாலை நான்கு மணிக்கு வந்த பேப்பரை மறுநாள் காலை பத்துக்கு எடுத்தால், காத்திருப்பு 3 மணி நேரம். இரவைச் சேர்த்தால் எண் பெரிதாகி உண்மை மங்கிவிடும்.

சராசரி ஆர்டருக்கு ஆன மொத்த நேரம் 18 மணி நேரம், அதாவது இரண்டு வேலை நாள். அதில் யாராவது ஒருவர் கை வைத்திருந்த நேரம் எவ்வளவு? வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை சிஸ்டத்தில் ஏற்ற 6 நிமிடம், கடன் பாக்கி பார்க்க 3, மேனேஜர் கையெழுத்து 1, பிக்லிஸ்ட் பிரிண்ட் 1, சரக்கு எடுக்க 14, சரிபார்க்க 8, பேக்கிங் 9, பில்லும் இ-வே பில்லும் போட 4. கூட்டினால் 46 நிமிடம். மீதி 17 மணி 14 நிமிடம் பேப்பர் எங்கேயோ தூங்கியது.

எங்கே என்பதுதான் சுவாரசியம். கடன் பார்க்கும் மேஜையில் 4 மணி நேரம். மேனேஜர் மேஜையில் ஐந்தேகால் மணி நேரம். பிக்லிஸ்ட் மொத்தமாகச் சேரட்டும் என்று பிரிண்டர் பக்கத்தில் 2 மணி நேரம். கட்டிய பார்சல் வண்டிக்காகக் காத்திருந்தது 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். மற்ற எல்லா இடங்களிலும் சேர்த்து 3 மணி நேரம்கூட இல்லை.

இப்போது எங்கள் பிரியாணியைத் திரும்பிப் பாருங்கள். 18 மணி நேரத்தில் 8 நிமிடம் குறைத்திருக்கிறோம். ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனால் அது வீண் வேலை என்று சொன்னால் அதுவும் தப்பு. 90 ஆர்டருக்கு எட்டெட்டு நிமிடம் என்றால் நாளைக்கு 12 மணி நேர உழைப்பு மிச்சம். மாலை ஓவர்டைம் குறைந்தது, பையன்கள் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். கூலிச் செலவு என்ற அளவில் அது நல்ல கைசன். கடைக்காரர் கேட்டது வேறு அளவு. 'எஃபிஷியன்சி' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டது என் தவறு. எதைக் குறைக்கப் போகிறீர்கள், உழைப்பையா, காத்திருப்பையா என்று அளக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை இன்னொரு வழியில் சோதித்துவிடலாம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது: உள்ளே இருக்கும் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒன்று உள்ளே இருக்கும் சராசரி நாள் கிடைக்கும். மேஜை மேஜையாகப் போய் முடியாத ஆர்டர்களை எண்ணினோம். 180 இருந்தது. நாளைக்கு 90 போகிறது. இரண்டு நாள். துண்டுச் சீட்டுக் கணக்கும் இதுவும் ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ ஒரு டிராயரில் யாரும் எண்ணாத பேப்பர் இருக்கிறது.

படி 3: ஒவ்வொரு காத்திருப்புக்கும் காரணம் கேளுங்கள்

காத்திருப்பு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எங்கள் இடத்தில் மூன்று வகை தெரிந்தது.

முதல் வகை, ஆளுக்கு வேலை அதிகம். பேக்கிங் மேஜையில் திங்கட்கிழமை இப்படித்தான். இங்கே கைசன் நேராக வேலை செய்யும். டேப் கட்டர் கைக்கு எட்டுகிற இடத்தில், மூன்று அளவுப் பெட்டி முன்கூட்டியே மடித்து, இப்படி.

இரண்டாவது, சேர்த்துச் செய்யும் பழக்கம். பிக்லிஸ்ட்டை முப்பது முப்பதாகப் பிரிண்ட் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால், பிரிண்டர் மாடியில், குடோன் கீழே. ஒவ்வொன்றுக்கும் யார் படி இறங்குவது? பிரிண்டரைக் கீழே வைத்தோம். ஒரு மதியத்தில் முடிந்தது. இரண்டு மணி நேரக் காத்திருப்பு கிட்டத்தட்டப் போய்விட்டது. இதைக் கைசன் என்று சொன்னாலும் சரி, வேறு பெயர் வைத்தாலும் சரி.

மூன்றாவது, அனுமதி. பேப்பர் ஒருவருடைய ஒப்புதலுக்காகக் கிடக்கிறது. அந்த வேலை ஒரு நிமிடம்தான், ஆனால் அந்த ஆள் வேறு இடத்தில் இருக்கிறார். இங்கே சிறு திருத்தம் எடுபடாது. மேனேஜர் கையெழுத்து போடும் ஒரு நிமிடத்தை அரை நிமிடமாக்கி என்ன பயன்? அவர் ஃபீல்டில் போனால் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் வருவார். மொத்த இழப்பில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது வகை என்றால், அடியோடு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எங்களிடம் ஒன்பதேகால் மணி நேரம் இதில் போனது, பாதிக்குச் சற்று மேல்.

படி 4: அந்த விதி எப்போது, ஏன் பிறந்தது?

ஒவ்வொரு அனுமதிக்குப் பின்னாலும் ஒரு பழைய காயம் இருக்கும். எங்கள் கடன் மேஜைக்கும் இருந்தது. ஒரு கடை மூன்று லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்துவிட்டு ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எல்லா ஆர்டரும் கணக்கு அக்கா மேஜைக்குப் போய்த்தான் வர வேண்டும். அப்புறம் ஒரு சேல்ஸ்மேன் இஷ்டத்துக்குத் தள்ளுபடி கொடுத்தான். அன்றிலிருந்து மேனேஜர் கையெழுத்து.

விதியைத் திட்டாதீர்கள், எண்ணுங்கள். ஒரு மாத நோட்டை எடுத்தோம். 2,250 ஆர்டரில் அக்கா நிறுத்தியது 61. மேனேஜர் நிறுத்தியது 9, அதில் 7 மறுநாள் ஒரு போன் காலில் விடுவிக்கப்பட்டது. ஆக, 61 ஆர்டரைப் பிடிக்க 2,250 பேப்பரும் நான்கு மணி நேரம் நின்றன. கோயில் வாசலில் ஒருவன் செருப்பு திருடினான் என்பதற்காக எல்லோரையும் சோதனை போட்டு உள்ளே விடுவதுபோல.

இதோடு இன்னொன்றையும் பிரித்துவிடுங்கள்: நீங்கள் போட்ட விதி எது, சட்டம் போட்ட விதி எது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கும், எல்லை தாண்டி ஆந்திராவுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் போவதற்கும் இ-வே பில் வேண்டும். அதை யாரும் தூக்கியெறிய முடியாது. அதை எங்கே, எப்போது போடுகிறோம் என்பதைத்தான் மாற்றலாம். மாடியில் பில் மேஜையில் போட்டதைக் கீழே பேக்கிங் மேஜைக்குக் கொண்டுவந்தோம். எடுத்த சரக்குக்கும் பில்லுக்கும் வித்தியாசம் வந்தால் அங்கேயே தெரியும்.

படி 5: வெள்ளைப் பேப்பரில் மறுபடி வரையுங்கள்

இருக்கிற படத்தில் கோடு அழித்துத் திருத்தாதீர்கள். அப்படிச் செய்தால் பழைய மேஜைகள் அப்படியே இருக்கும். "இந்தக் குடோனை இன்றைக்குத்தான் திறக்கிறோம், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டிருக்கிறார், சரக்கு வண்டியில் ஏற எத்தனை பேர் கை பட்டாக வேண்டும்?" என்று கேட்டோம். முதலில் வந்த பதில் நான்கு. பழைய கணக்கு எட்டு.

புது ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு கடைக்கும் மாதம் ஒரு முறை அக்காவும் முதலாளியும் உட்கார்ந்து கடன் வரம்பு போடுவார்கள். பழைய பாக்கியும் இந்த ஆர்டரும் சேர்ந்து வரம்புக்குள் இருந்து, 45 நாள் தாண்டிய பில் எதுவும் இல்லை என்றால், ஆர்டர் ஏற்றியதும் கீழே பிரிண்ட் ஆகிவிடும். யாருடைய மேஜைக்கும் போகாது. வரம்பு தாண்டியது மட்டும் அக்காவிடம் வரும். தள்ளுபடிக்கும் அப்படியே: விலைப் பட்டியலுக்குள் இருந்தால் மேனேஜர் பார்க்கத் தேவையில்லை.

இன்னொரு மாற்றம், ஆர்டர் எடுப்பவர் ஒரு ரூட்டுக்கு முழுப் பொறுப்பு. கும்மிடிப்பூண்டி ரூட் என்றால், ஆர்டர் வந்ததிலிருந்து பார்சல் ஏறும் வரை அவர் தலை. கடைக்காரர் போன் செய்தால் "பில் செக்‌ஷன்ல கேளுங்க" என்று சொல்ல முடியாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் புதிய ஏற்பாட்டின் முதுகெலும்பு இதுதான். மேஜைகளை எடுத்துவிட்டு, நடுவில் விழுவதைப் பிடிக்க ஆள் வைக்கவில்லை என்றால் ஆர்டர் காணாமலே போகும்.

படி 6: ஒரு ரூட்டில் மட்டும், பின்வாங்கும் எல்லையோடு

முதலாளி எல்லா ரூட்டிலும் திங்கட்கிழமையிலிருந்து என்றார். நான் மாட்டேன் என்றேன். ஹாமரும் அவரோடு எழுதிய ஜேம்ஸ் சாம்பியுமே, இப்படி அடியோடு மாற்ற இறங்குபவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேர் எதிர்பார்த்த பலனை அடைவதில்லை என்று 1993இல் உத்தேசமாகச் சொன்னார்கள். அந்த வழியைக் கண்டுபிடித்தவர்களே சொன்னது என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி ரூட் மட்டும் எடுத்தோம், நாளைக்கு 15 ஆர்டர். மூன்று வாரம். ஆரம்பிக்கும் முன்பே நோட்டில் எழுதினோம்: தவறான சரக்கு என்று திரும்பி வருவது மூன்று வாரத்தில் 8 தாண்டினால் நிறுத்திவிடுவோம். பழைய முறையில் அதே ரூட்டில் மூன்று வாரத்துக்கு மூன்று நான்கு திரும்பும். எல்லையை முன்பே எழுத வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு எழுதினால், ஓட்டை விழுந்ததும் "இதுவும் சகஜம்தான்" என்று கை தானாக எல்லையை நகர்த்தும்.

வேகம் அற்புதமாக வந்தது. காலையில் வந்த ஆர்டர் அன்று மாலை வண்டியில். ஆனால் மூன்றாவது வாரம் முடியும் முன்பே 11 பெட்டி திரும்பி வந்தது. நிறுத்தினோம்.

அந்தப் பதினொன்றையும் மேஜையில் பரப்பினோம். ஏழு பேரிங். கடைக்காரர் கேட்டது `6203 2RS`, போனது `6203 ZZ`. இரண்டும் ஒரே அளவு, ஒரே உள்விட்டம். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இன்னொன்றுக்கு இரும்புத் தகடு மூடி. தண்ணீர், சேறு படும் இடத்தில் ரப்பர் மூடி வேண்டும். வாட்ஸ்அப்பில் "6203 பத்து" என்று மட்டும் வரும், ஆர்டர் ஏற்றும் பையன் பட்டியலில் முதலில் தெரிவதைத் தட்டிவிடுவான்.

முன்பு ஏன் இது நடக்கவில்லை? கணக்கு அக்காவிடம் போனேன். தண்டையார்பேட்டைக்காரர், பதினாறு வருஷ அனுபவம். அவர் சிரித்தார். "பாக்கி பார்க்கிறப்போ ஐட்டமும் கண்ணுல படும்ல தம்பி. இந்தக் கடை தண்ணி மோட்டார் ஆளுங்களுக்கு விக்கிறவரு, எப்பவும் ரப்பர் வெச்சதுதான் கேப்பாரு. மாறி இருந்தா நான் பென்சில்ல சுழிச்சு அனுப்புவேன்." எந்தப் படத்திலும் இல்லாத வேலை அது. அவருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை, சம்பளத்திலும் இல்லை.

அடியோடு மாற்றும்போது தப்பு பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது. ஒரு மேஜையை எடுத்தால், அதன் எழுதப்பட்ட வேலையோடு எழுதப்படாத வேலையும் போய்விடும். முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி: எடுக்கப் போகும் மேஜையில் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பென்சிலை எத்தனை முறை எடுக்கிறார், எத்தனை முறை போனைப் பார்க்கிறார், யாரைக் கத்திக் கூப்பிடுகிறார் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. நான் அதைச் செய்திருந்தால் அந்த ஏழு பேரிங் போயிருக்காது.

ஒரு வாரம் பழைய முறைக்குத் திரும்பினோம். குழப்பும் ஐட்டங்கள் நாற்பதை அக்காவே பட்டியல் எழுதிக் கொடுத்தார். அந்த நாற்பதில் ஒன்றை ஏற்றினால், திரையில் கடைசி மூன்று முறை அந்தக் கடை வாங்கிய வகை தெரியும். மாறினால் போட்டோ அனுப்பிக் கேட்க வேண்டும். அக்காவின் மேஜை ஆர்டர் ஏற்றும் பையன்களுக்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த மூன்று வாரத்தில் திரும்பியது 2. அப்புறம்தான் மற்ற ரூட்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேஜை போகிறவருக்கு வேலை போகாது என்பதை, முதல் கோடு வரையும் முன்பே முதலாளி வாயால் எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தேன். பரோபகாரத்துக்காக இல்லை. அக்காவுக்கு வேலை போகும் பயம் இருந்திருந்தால் அந்த நாற்பது ஐட்டம் அவர் தலைக்குள்ளேயே இருந்திருக்கும்.

படி 7: இப்போது கைசன்

எல்லா ரூட்டும் மாறிய பிறகு மறுபடி எண்ணினோம். முடியாத ஆர்டர் 50. நாளைக்கு 90 போகிறது. வகுத்து, 9 மணி நேரத்தால் பெருக்கினால் 5 மணி நேரம். முன்பு 18. கை பட்ட நேரம் 41 நிமிடம், கடன் மேஜை, கையெழுத்து, மாடிப் பிரிண்ட் மூன்றும் போனதால்.

இந்த இடத்தில்தான் சிறு மேம்பாட்டுக்கு உயிர் வருகிறது. 18 மணி நேரத்தில் எட்டு நிமிடம் யாருக்கும் தெரியாது. ஐந்து மணி நேரத்தில், அதுவும் ஐந்தரை மணிக்கு வண்டி கிளம்பும் என்ற நிலையில், பேக்கிங்கில் மூன்று நிமிடம் குறைந்தால் கடைசி இரண்டு ஆர்டர் இன்றைய வண்டியில் ஏறும். பையன்களே அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். காலை 9 மணிக்குப் பத்து நிமிடம் நின்றபடியே பேச்சு: நேற்று வண்டியைத் தவறவிட்ட ஆர்டர் எது, ஏன். ஒரு காரணத்தை மட்டும் எடுத்து ஒரு வாரம் சோதிப்பது. பலித்தால் அதுவே புது முறை, சுவரில் ஒட்டப்படும். ஒட்டாத முறை இரண்டே வாரத்தில் பழைய வழக்கத்துக்கு நழுவிவிடும். வியாசர்பாடிப் பையன் ஒரு யோசனை சொன்னான்: பிரேக் லைனிங் பெட்டி எல்லாம் ஒரே நிறம், பக்கவாட்டில் மார்க்கரால் வண்டிப் பெயர் எழுதிவிடலாம். சரிபார்க்கும் 8 நிமிடம் 6 ஆனது.

இரண்டு வழியும் பிரிந்தே இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜப்பானியத் தொழிற்சாலை வல்லுநர் ஷிகெயோ ஷிங்கோ சொன்ன டொயோட்டா கதை ஒன்று இதற்குப் பொருந்தும். 1969இல், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஆயிரம் டன் பிரஸ் மெஷின் ஒன்றில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. பொறுமையாகத் திருத்தித் திருத்தி ஒன்றரை மணி நேரத்துக்கு வந்தார்கள். அதன் பிறகு மேலிடத்திலிருந்து வந்த இலக்கு மூன்று நிமிடம். திருத்தி அங்கே போக முடியாது என்பதால் கேள்வியே மாறியது: மெஷின் நிற்கும்போது செய்யும் வேலையில் எதையெல்லாம் மெஷின் ஓடும்போதே செய்துவிடலாம்? மூன்று நிமிடத்தைத் தொட்டார்கள். செய்த ஒவ்வொன்றும் சிறிய காரியம்தான், கேள்வி மட்டும் பெரியது.

எங்கே அடியோடு மாற்றக் கூடாது

ஸ்டாக் கணக்கு தப்பாக இருக்கும் இடத்தில் தொடவே தொடாதீர்கள். சிஸ்டத்தில் 20 இருக்கிறது, ரேக்கில் 14 என்றால், நடுவில் இருக்கும் மேஜைகள் போன் போட்டுப் போட்டு அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்தால் எல்லாம் கடைக்காரர் தலையில் விடியும். தினம் இருபது ஐட்டம் எடுத்து எண்ணுங்கள். அதில் குறைந்தது பத்தொன்பது ஒத்துப்போகும் வரை கைசனே போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வேண்டாம். மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் ஏறினால் வண்டி எந்த நேரம் வரும் என்றே தெரியாது. அப்போது வந்த எண்ணை வைத்துப் புது முறை நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. நாங்கள் பிப்ரவரியில் ஆரம்பித்தோம்.

நம் கையில் இல்லாத காத்திருப்பும் உண்டு. அந்த ஐந்து மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் இன்னும் பார்சல் வண்டிக்காகத்தான் போகிறது. பார்சல் ஆபீஸ்காரர் எங்களுக்காக இரண்டு முறை வண்டி விட மாட்டார், நாளைக்கு 90 பெட்டி அவருக்குக் கட்டுப்படியாகாது. பக்கத்துக் குடோன் இரண்டையும் சேர்த்துக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு ஒரு சின்ன யானை வண்டி பேசிப் பார்க்கலாம் என்று வியாசர்பாடிப் பையன் போன வாரம் காலைப் பேச்சில் சொன்னான். அதில் ஒன்று, மறுநாளே சரக்கு கொடுக்கிறார் என்று முதலாளி பொறாமைப்பட்ட அதே குடோன். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.